மூன்று நிமிடத்தில் நின்றுபோகும் ஹேர் டிரையர்

கேள்வி: சாரல் தொடங்கிவிட்டால் எங்கள் ஊரில் தலை காய்வதே பெரும்பாடு. பள்ளிக்குக் கிளம்பும் இரண்டு மகள்களுக்கும் ஹேர் டிரையர்தான் துணை. இப்போது அது மூன்று நிமிடம் ஓடி, தானாக நின்றுவிடுகிறது. கால் மணி நேரம் கழித்துப் போட்டால் மறுபடி ஓடுகிறது. ரிப்பேர் கடையில், "உள்ளே இருக்கிற கட்-அவுட்டை எடுத்துட்டு நேரா ஒயர் கொடுத்துடலாம்" என்கிறார்கள். செய்யலாமா?
- வாசகி, வாசுதேவநல்லூர்

பதில்: வேண்டாம். இப்போது உங்களைக் காப்பாற்றிக்கொண்டிருப்பதே அந்தக் கட்-அவுட்தான்.

டிரையரின் பின்பக்க வலை வழியாகக் காற்று நுழைந்து, சூடான காயிலைக் கடந்து முன்னால் வருகிறது. டவல் பஞ்சும் உதிர்ந்த முடியும் அந்த வலையை அடைத்தால் காற்று குறைந்து, காயில் அளவுக்கு மீறிச் சூடாகும். பக்கத்திலேயே இருவகை உலோகங்களை ஒட்டிச் செய்த சிறு தகடு ஒன்று உண்டு. சூட்டில் அது வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கும். ஆறியதும் பழைய நிலைக்கு வந்து சேரும். கால் மணி நேரத்தில் மறுபடி ஓடுவது இதனால்தான். அதை நீக்கிவிட்டால், அடைப்பு அப்படியே இருக்க, பிளாஸ்டிக் உருகும், தீப்பிடிக்கவும் கூடும்.

முதலில் பிளக்கைப் பிடுங்கி, டிரையரை நன்றாக ஆறவிடுங்கள். பல மாடல்களில் பின்பக்க வலைமூடி இடப்பக்கம் திருகினால் கழன்றுவிடும். கழலாவிட்டால் நெம்ப வேண்டாம். வெளியிலிருந்தே பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, சிக்கிய முடியைப் புருவ இடுக்கியால் இழுத்தெடுங்கள். கழன்ற மூடியை மட்டும் தண்ணீரில் கழுவி, முழுதாகக் காயவைத்து மாட்டுங்கள். டிரையருக்குள் ஈரம் படவே கூடாது.

பிறகு குளிர்காற்றில் ஐந்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். அப்போது ஒரு டிஷ்யூ தாளைப் பின்பக்க வலையருகே கொண்டுபோனால் அது ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டினால் காற்று சரியாக உள்ளே போகிறது; தாளை எடுத்துவிட்டுச் சூட்டில் போட்டுப் பாருங்கள். ஒட்டாவிட்டால் ஃபேன் தண்டில் முடி சுற்றியிருக்கலாம், மோட்டாரும் தளர்ந்திருக்கலாம். சூட்டில் போடாமல் மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

காற்று நன்றாக வந்தும் சூட்டில் நின்றால் கட்-அவுட்டே பழுதாகியிருக்கலாம். மெக்கானிக் டிரையரைத் திறந்து, மல்டிமீட்டரை அதன் இரு முனையிலும் வைப்பார். ஆறியிருக்கும்போது 'பீப்' ஒலி வர வேண்டும். நன்றாகச் சூடேற்றினால் ஒலி நின்று, ஆறியதும் திரும்ப வர வேண்டும். கொஞ்சம் சூட்டுக்கே நின்றுவிட்டால் அதே வெப்ப அளவுள்ள புதியதைப் போடச் சொல்லுங்கள்.

ஆறிய பிறகும் டிரையர் அறவே ஓடாவிட்டால், ஒருமுறை போனால் திரும்பாத தெர்மல் ஃபியூஸ் போயிருக்கலாம். அதையும் மாற்றத்தான் வேண்டும். நேராக ஒயர் கொடுக்கக் கூடாது.

தலை துவட்டிய டவலின் மேல் டிரையரை வைக்காதீர்கள். பஞ்சு அங்கிருந்துதான் உள்ளே போகிறது. தினமும் ஓடும் சாரல் மாதங்களில் வாரம் ஒருமுறை வலையைத் துடைத்தால் போதும்.