கயிறு சொன்ன தீர்ப்பு

ரெட்டியார்பாளையத்தில் பாகம் பிரித்த மனைகளில் இரண்டு வீடுகள். மதில் ஓரமாக இருவருக்கும் பொதுவாக ஒரே போர், ஒரே மோட்டார், இரண்டு கேட்வால்வு. இப்படி ஒரு கதையை வைத்துக்கொள்வோம். காலை ஐந்து மணி முறை பெரியவருடையது, ஆறு மணி முறை இளையவருடையது. சித்திரையில் இளையவர் முறையில் குழாய் காற்றும் தண்ணீருமாகத் துப்பத் தொடங்குகிறது.

"மாடியில குடித்தனம் வச்சதுல இருந்து என் தண்ணியெல்லாம் உங்க டேங்குக்குத்தான் போவுதுண்ணே."

"உன் தோட்டத்துக்கு விடுறது கணக்குல வராதா தம்பி?"

சண்டை முற்றி, ஆளுக்கொரு போர் போடுவது என்ற பேச்சு வரும்போது, பழுதுபார்க்க மோட்டாரை மேலே எடுத்த மெக்கானிக் ஒரு காரியம் செய்கிறார். இறக்கும்போது கூடவே அரை அங்குலக் குழாய் ஒன்றையும் மோட்டார் வரைக்கும் விடுகிறார். மோட்டார் ஓடினாலும் வயரில் சிக்காமல் அதற்குள் எடை கட்டிய கயிறு விட்டு நீர்மட்டம் பார்க்கலாம்.

மோட்டார் இருப்பது 120 அடியில். விடியலில், ஓட்டுவதற்கு முன் நீர் 82 அடியில் நிற்கிறது. பெரியவர் ஒரு மணி நேரம் ஓட்டியதும் 114. மட்டம் பழையபடி ஏற நாலு மணி நேரம் ஆகிறது. அதற்குள் இளையவர் போட்டால் நீர்மட்டம் மோட்டார் வரை இறங்கிவிடும். மோட்டார் காற்றை இழுத்துச் சூடேறும். ஆகவே, அவர் தண்ணீரை யாரும் திருடவில்லை. போர் ஊறுவதற்கு நேரம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

இளையவர் முறை மாலைக்கு மாறுகிறது. வால்வைப் பாதி மூடி ஓட்டினால் டேங்க் நிறையக் கூடுதல் நேரமாகும். ஆனால் மட்டம் 102-க்குக் கீழே போகாது. வழக்கு முடிந்தது.

பாதி வழக்குதான் முடிந்தது என்பேன். மோட்டார் ஓடும்போது இறங்கும் 32 அடி இவர்கள் இருவரின் கணக்கு; அதை முறை மாற்றிச் சரிசெய்யலாம். விடியல் மட்டம் ஆண்டுக்கு ஆண்டு இறங்கினால் அது ஊர்க்கணக்கு. சுற்றிலும் உள்ள அத்தனை போர்களும், மழை இறங்க வழியில்லாமல் சிமென்ட் போட்ட முற்றங்களும் அதில் பங்காளிகள். இந்த இரண்டு இறக்கத்தையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் அண்டை வீட்டார் எதிரியாகிறார். ஆளுக்கொரு போர் போட்டிருந்தால் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே நீரடுக்கைத்தான் இழுத்திருக்கும். கடலோரப் புதுச்சேரியில் அளவுக்கு மீறி இழுத்தால் உப்புநீர் உள்ளே வரும் ஆபத்தும் உண்டு.

புதுச்சேரிக்கு 2002-ஆம் ஆண்டின் நிலத்தடி நீர்ச் சட்டம் இருக்கிறது. அதன்கீழ் ஓர் ஆணையமும் இருக்கிறது. புதிய போருக்கு அனுமதி வழங்குவதோடு அதன் வேலை முடியக் கூடாது. வார்டுக்கு ஓர் அளவைக் கிணறு வைத்து, மாதந்தோறும் விடியல் மட்டத்தை உழவர்கரை நகராட்சியின் அறிவிப்புப் பலகையில் எழுத வேண்டும். அதுவரை, பொதுப் போர் வைத்திருக்கும் வீட்டார் அடுத்த முறை மோட்டாரை மேலே எடுக்கும்போது அந்த அரை அங்குலக் குழாயையும் சேர்த்து இறக்கச் சொல்லுங்கள்.