என்.ஆர்.இ-யில் 7%, டாலர் டெபாசிட்டில் 4%... கூடுதல் வட்டி உண்மையிலேயே கைக்கு வருமா?

வளைகுடா நாடுகளில் வேலை பார்ப்பவர்களின் வாட்ஸ்அப்பில் அடிக்கடி சுற்றும் கணக்கு இது. ‘அங்கே டாலரில் போட்டால் 4% வட்டி. அதே பணத்தை ஊருக்கு அனுப்பி என்.ஆர்.இ. ஃபிக்ஸட் டெபாசிட்டில் போட்டால் 7%. வரியும் கிடையாது. வருடத்துக்கு 3% சும்மா விடலாமா மச்சான்?’

வரி விஷயத்தில் மச்சான் சொல்வது சரிதான். வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர்களுக்கு என்.ஆர்.இ. டெபாசிட் வட்டிக்கு இந்தியாவில் வருமான வரி இல்லை. ஆனால், டாலராகவே வைத்திருக்கும் எஃப்.சி.என்.ஆர். டெபாசிட்டுக்கும் அதே சலுகை உண்டு. அதனால் இரண்டுக்கும் நடுவே மிஞ்சுவது அந்த 3% வித்தியாசம் மட்டும்தான். அது லாபமா என்பதுதான் கேள்வி.

என்.ஆர்.இ. டெபாசிட் ரூபாயில் இருக்கிறது. போடும்போது டாலரை ரூபாயாக்க வேண்டும். முதிர்வின்போது மறுபடி டாலர் வேண்டுமென்றால் ரூபாயை டாலராக்க வேண்டும். துபாய், ஷார்ஜாவில் சம்பளம் வாங்குபவர்களுக்கும் இதே கதைதான். ஏனென்றால், அமீரக திர்ஹாமின் மதிப்பு டாலருடன் கட்டப்பட்டிருக்கிறது. ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹாம், பல வருடங்களாக மாற்றமே இல்லை. டாலருக்கு எதிராக ரூபாய் எவ்வளவு சரிகிறதோ, திர்ஹாமுக்கு எதிராகவும் அவ்வளவே சரியும்.

2022-ல் என்ன நடந்தது?

2022 ஜனவரி தொடக்கத்தில் ஒரு டாலர் சுமார் 74.50 ரூபாய். ஒருவர் அன்றைக்கு 10,000 டாலரை மாற்றி, ஒரு வருட என்.ஆர்.இ. டெபாசிட்டில் போட்டார் என்று வைத்துக்கொள்வோம். கையில் 7,45,000 ரூபாய். அந்தச் சமயத்தில் பெரிய வங்கிகளில் ஒரு வருட டெபாசிட்டுக்கு ஏறத்தாழ 5% வட்டி கிடைத்தது. வருட முடிவில் 37,250 ரூபாய் வட்டி சேர்ந்து, மொத்தம் 7,82,250 ரூபாய். பாஸ்புக்கைப் பார்த்தால் சந்தோஷமாகத்தான் இருக்கும்.

ஆனால், 2022 டிசம்பர் கடைசியில் டாலர் சுமார் 82.70 ரூபாய்க்குப் போய்விட்டது. 7,82,250-ஐ 82.70-ஆல் வகுத்தால் வருவது ஏறத்தாழ 9,459 டாலர். வட்டியையும் சேர்த்துத்தான் இந்தத் தொகை. போட்ட 10,000-ல் 541 டாலர் காணாமல் போயிருக்கிறது. டாலரை பீரோவில் பூட்டி வைத்திருந்தால்கூட 10,000 அப்படியே இருந்திருக்கும்!

அந்த வருடம் இவருக்கு நஷ்டமில்லாத எல்லைக்கோடு எது? 74.50-ஐ 5% கூட்டினால் 78.22. டாலர் அந்த விலைக்குள் நின்றிருந்தால் அசலாவது தப்பியிருக்கும். அதைத் தாண்டிய ஒவ்வொரு பைசாவும் அவர் பாக்கெட்டிலிருந்து போனது.

‘அது ஏதோ மோசமான வருடம்’ என்று சொல்லிவிடலாம். அமெரிக்க மத்திய வங்கி அந்த வருடம் வட்டியை வேகமாக ஏற்றியது, ரஷ்யா-உக்ரைன் போர், கச்சா எண்ணெய் விலை என்று காரணங்களும் இருந்தன. ஆனால், சரிவின் ஒரு பகுதி எதிர்பாராத அடி அல்ல. டெபாசிட் போட்ட அன்றே அது விலையில் எழுதப்பட்டிருந்தது. பலர் கவனிக்காத இடம் இதுதான்.

‘இன்றைய ரேட்டை ஒரு வருடத்துக்கு லாக் பண்ண முடியுமா?’

டெபாசிட் போடும்போதே வங்கியில் ஒரு கேள்வி கேட்கலாம். ‘ஒரு வருடம் கழித்து எனக்கு டாலர் வேண்டும். என்ன விலை என்று இன்றைக்கே பேசி முடித்துக்கொள்ளலாமா?’ முடியும். இதற்குப் பெயர் ஃபார்வர்டு ஒப்பந்தம். என்.ஆர்.இ. கணக்கில் இருக்கும் பணத்துக்கு இப்படிப் பாதுகாப்பு எடுக்க ரிசர்வ் வங்கி விதிகளில் இடமும் உண்டு.

ஆனால், வங்கி இன்றைய விலையைச் சொல்லாது. ஒரு டாலர் இன்றைக்கு 85 ரூபாய், ரூபாய் வட்டி 7%, டாலர் வட்டி 4% என்று வைத்துக்கொள்வோம். வங்கி சொல்லும் விலை ஏறத்தாழ 87.45 ரூபாயாக இருக்கும். ரூபாய் விழும் என்று வங்கி மேனேஜர் ஜோசியம் பார்த்துச் சொல்வதில்லை. வெறும் கூட்டல், வகுத்தல்தான்.

அடுத்த வருடம் உங்களுக்கு டாலர் தருவதாக வாக்குக் கொடுத்த வங்கி என்ன செய்யும்? ரிஸ்க் வேண்டாம் என்று இன்றைக்கே டாலரை வாங்கி வைத்துவிடும். அதற்கு 85 ரூபாய் வேண்டும். அந்த ரூபாய்க்கு வருடத்துக்கு 7% செலவு. ஆக, வருட முடிவில் 90.95 ரூபாய் ஆகிவிடுகிறது. வாங்கிய டாலர் சும்மா இருக்காது, 4% சம்பாதித்து 1.04 டாலர் ஆகியிருக்கும். 90.95 ரூபாய் செலவழித்து 1.04 டாலர் கையில் இருந்தால், ஒரு டாலரின் அடக்க விலை 87.45 ரூபாய். அதற்குக் குறைத்து விற்றால் வங்கிக்கு நஷ்டம். அதிகம் சொன்னால் பக்கத்து வங்கி உங்களை இழுத்துக்கொள்ளும்.

இப்போது மச்சானின் 3% என்ன ஆகிறது என்று பாருங்கள். 10,000 டாலர், 85 ரூபாய் வீதம் 8,50,000 ரூபாய். 7% வட்டியுடன் 9,09,500 ரூபாய். அதை லாக் செய்த 87.45 விலையில் திருப்பினால் 10,400 டாலர். அதாவது சரியாக 4%. எஃப்.சி.என்.ஆர்-லேயே போட்டிருந்தால் கிடைத்திருக்கும் அதே தொகை! கூடுதல் வட்டி முழுவதும் அந்த 2 ரூபாய் 45 பைசாவில் கரைந்துவிட்டது.

சொல்லப்போனால் நடைமுறையில் இன்னும் கொஞ்சம் குறையும். வங்கி டாலரை வாங்கும் விலை வேறு, விற்கும் விலை வேறு. உங்களிடம் 84.50-க்கு வாங்கி, திருப்பித் தரும்போது 85.50 என்று கணக்குப் போட்டால், போய் வருவதற்குள்ளேயே 1 சதவிகிதத்துக்கு மேல் போய்விடும்.

ரூபாய்க்கு மட்டும் ஏன் அதிக வட்டி?

பெரும்பங்கு காரணம் விலைவாசி. நம் ரிசர்வ் வங்கிக்கு விதிக்கப்பட்டிருக்கும் பணவீக்க இலக்கு 4%. அமெரிக்க மத்திய வங்கியின் இலக்கு 2%. இங்கே பொருள்களின் விலை அங்கிருப்பதைவிட வேகமாக ஏறும் என்றால், ரூபாயின் வாங்கும் சக்தி டாலரைவிட வேகமாகக் குறைகிறது என்று அர்த்தம். அதற்கு ஈடு கொடுக்காமல் யாரும் ரூபாயில் பணத்தைப் போட மாட்டார்கள். அந்த ஈடுதான் கூடுதல் வட்டி. பரிசு என்று நினைத்து வாங்குவது பெரும்பாலும் தேய்மானத்துக்கான முன்பணம்.

நீண்டகாலக் கணக்கும் இதையே காட்டுகிறது. 2014 முடிவில் டாலர் சுமார் 63.30 ரூபாய், 2024 முடிவில் சுமார் 85.60. பத்து வருடத்தைச் சராசரி போட்டால், டாலரின் விலை வருடத்துக்கு ஏறத்தாழ 3% ஏறியிருக்கிறது.

இந்த லாக் செய்யும் செலவு எவ்வளவு முக்கியமானது என்பதற்கு 2013 நல்ல சாட்சி. அந்த வருடம் ஆகஸ்ட் 28 அன்று ரூபாய் ஒரு டாலருக்கு 68.8 வரை சரிந்தது. நாட்டுக்கு டாலர் அவசரமாகத் தேவைப்பட்டது. எஃப்.சி.என்.ஆர். டெபாசிட் திரட்டி, அதை ரூபாயாக்கி இங்கே கடன் கொடுக்க வங்கிகளுக்கும் ஆசைதான். ஆனால், அந்த டாலரைத் திருப்பித் தர வேண்டிய நாளுக்கான விலையை லாக் செய்தால், சந்தையில் ஆகும் செலவு அவர்களின் லாபத்தைத் தின்றுவிடும். செப்டம்பர் 4 அன்று ரிசர்வ் வங்கி கவர்னராகப் பொறுப்பேற்ற ரகுராம் ராஜன், குறைந்தது மூன்று வருடத்துக்கான புதிய எஃப்.சி.என்.ஆர். டாலர்களுக்கு அந்தப் பாதுகாப்பை வருடத்துக்கு 3.5% என்ற சலுகை விலையில் தருவதாக அறிவித்தார். நவம்பர் முடிவுக்குள் இந்த வழியில் சுமார் 2,600 கோடி டாலர் வந்து குவிந்தது. வெளிநாட்டு வங்கிகளில் கடன் வாங்கிக்கூடப் பலர் டெபாசிட் போட்டார்கள். பாதுகாப்பின் விலையை யாரோ ஒருவர் ஏற்றுக்கொண்டால்தான் வட்டி வித்தியாசம் லாபமாக மாறும் என்பதை ரிசர்வ் வங்கியே நடத்திக் காட்டியது போல ஆயிற்று.

அப்படியானால் என்.ஆர்.இ. எப்போதுமே வேஸ்ட்டா?

இல்லை. எதிர்பார்ப்பு என்பது எதிர்பார்ப்புதான். அப்படியே நடக்கும் என்று கட்டாயமில்லை. 2016 முடிவில் டாலர் சுமார் 67.90 ரூபாய். 2017 முடிவில் அது சுமார் 63.90-க்கு இறங்கியது. அந்த வருடம் ஏறத்தாழ 7% வட்டியில் 10,000 டாலரை ரூபாயாக்கிப் போட்டவருக்கு, முடிவில் சுமார் 11,370 டாலர் கிடைத்திருக்கும். வட்டியும் லாபம், ரூபாய் வலுவானதும் லாபம். லாக் செய்யாமல் விட்டவருக்குத்தான் இந்த யோகம். 2022-ல் அடி வாங்கியவரும் லாக் செய்யாமல் விட்டவர்தான். இரண்டு பேரும் டெபாசிட் போட்டதாக நினைத்தார்கள். உண்மையில் ரூபாயின் மேல் பந்தயம் கட்டியிருந்தார்கள்.

அதைவிட முக்கியம், பணத்தை எங்கே செலவு செய்யப்போகிறீர்கள் என்பது. தென்காசியில் வீடு கட்டவோ, ஊர்த் திருமணத்துக்கு நகை எடுக்கவோ சேர்க்கும் பணம் என்றால், அது கடைசியில் ரூபாயாகத்தான் செலவாகும். திரும்ப டாலராக மாற்றும் வேலையே இல்லை. அவர்கள் என்.ஆர்.இ-யில் 7% வாங்கும்போது, அது அவர்களுக்கு 7 சதவிகிதம்தான். மகளின் கனடா படிப்புக்கோ, வெளிநாட்டிலேயே வாங்கப்போகும் ஃப்ளாட்டுக்கோ என்றால் கதை வேறு. அவர்கள் பார்க்க வேண்டியது 7 அல்ல, 87.45 போன்ற அந்த எல்லைக்கோட்டு விலை. கணக்கு எளிது: இன்றைய டாலர் விலையை 1.07-ஆல் பெருக்கி, 1.04-ஆல் வகுத்தால் போதும். வங்கி சொல்லும் வட்டி மாறினால் இந்த இரண்டு எண்களையும் மாற்றிக்கொள்ளலாம். முதிர்வு நாளில் டாலர் அதற்குக் கீழே இருந்தால் என்.ஆர்.இ. ஜெயித்தது, மேலே இருந்தால் எஃப்.சி.என்.ஆர்.

எங்கே செலவாகும் என்றே இன்னும் முடிவாகாதவர்கள் எஃப்.சி.என்.ஆர்-ல் வைத்துவிட்டு, தேவைப்படும் நாளில் முதிர்வுத் தொகையை ரூபாயாக மாற்றிக்கொள்கிறார்கள். இதற்கும் விலை உண்டு. ரூபாய் சரியாமல் நின்றுவிட்டால், ஊரில் கிடைத்திருக்கக்கூடிய அந்த 3% போனது போனதுதான். இரண்டிலும் ஒரு வருடம் முடியும் முன் உடைத்தால் வட்டியே கிடையாது என்பதால், எந்தப் பக்கம் போவதென்று போடும் முன்பே யோசித்துக்கொள்வது நல்லது.