கைநூல் மெலிந்துவிட்டது என்று கவலைப்படும் பெற்றோருக்கு

ஏ.எல். அரசியல் விஞ்ஞான வகுப்பின் கைநூல் 62 பக்கத்திலிருந்து 27 பக்கமாகக் குறைந்ததைப் பற்றி ஊரில் நிறையக் கதை நடக்கிறது. "காசு அதே காசு, நோட்ஸ் மட்டும் பாதி" என்று ஒருவர் வொய்ஸ் போட்டிருக்கிறார். இரண்டு வாப்பாமார் பிள்ளைகளை வேறு வகுப்புக்கு மாற்றப் போவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மாற்றுவது அவர்கள் உரிமை. ஆனால் மாற்ற முன்னர், பிள்ளையின் முதல் மாதிரிப் பரீட்சை விடைத்தாளை ஒருமுறை கையில் எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பார்க்கட்டும்.

அந்தப் பரீட்சையை 31 பேர் எழுதினார்கள். இரண்டாம் வினாத்தாளுக்கு 3 மணித்தியாலம், 5 வினா. 19 பேர் ஐந்தாவது வினாவைத் தொடவே இல்லை. ஒரு மகளின் தாளைச் சொல்கிறோம். முதல் மூன்று வினாவுக்கும் 14, 15, 13 என்று வாங்கியிருந்தார். நான்காவது ஒன்றரைப் பந்தியோடு நின்றதால் 5. ஐந்தாவது பூச்சியம். மொத்தம் 47. ஐந்து வினாவுக்கும் சுமாராக எழுதி ஒவ்வொன்றுக்கும் 11 எடுக்கும் பிள்ளைக்கு 55 வரும். வகுப்பிலேயே நன்றாகப் படித்த பிள்ளை, சுமாரான பிள்ளைக்குப் பின்னால் போகிறார். படிப்பு போதாது என்று யாரும் சொல்ல முடியாது.

"கை வேகம் போதாது, எழுதிப் பழகட்டும்" என்று வீட்டில் சொல்வார்கள். அதையும் சோதித்துப் பார்த்தோம். பாடநூலைப் பார்த்து 10 நிமிடம் எழுதச் சொன்னோம். பிறகு, தெரிந்த தலைப்பொன்றைச் சொந்தமாக 10 நிமிடம் எழுதச் சொன்னோம். அந்த மகள் பார்த்து எழுதியது 140 சொல், சொந்தமாக எழுதியது 70. கையில் குறையில்லை. மனப்பாடம் செய்த வசனத்தின் அடுத்த சொல் என்ன என்று தேடித் தேடி நின்றதில்தான் பாதி நேரம் போயிருக்கிறது. பெரும்பாலான பிள்ளைகளின் கதை இதுதான்.

இனி பழைய கைநூலுக்கு வருவோம். ஊரில் பல வருடமாகப் போட்டோ கொப்பியாகச் சுற்றிய மாதிரி விடைகளையே கட்டித் தாருங்கள் என்று பெற்றோர் கேட்டார்கள், கட்டிக் கொடுத்தோம். அதில் ஒரு விடை 4 பக்கம், ஏறத்தாழ 650 சொல். நிமிடத்துக்கு 14 சொல் எழுதும் பிள்ளை, யோசிக்காமல், நிமிர்ந்து பார்க்காமல், வெறுமனே பார்த்து எழுதினாலே 46 நிமிடம் வேண்டும். பரீட்சை மண்டபத்தில் ஒரு வினாவுக்குக் கிடைப்பது 36 நிமிடம். எழுதி முடிக்கவே முடியாத விடையைப் பிள்ளை இரவிரவாக மனனம் செய்வதைப் பார்த்து நாம் சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்கிறோம்.

அந்த 650 சொல்லில் என்ன இருந்தது? டொனமூர் யாப்பின் நிர்வாகக் குழு முறையை விளக்கச் சொன்ன வினாவை எடுங்கள். விடை 1796இல் ஆங்கிலேயர் கரையோரத்தைப் பிடித்ததில் தொடங்கி, 1815 கண்டி ஒப்பந்தம், 1833 கோல்புறூக் சீர்திருத்தம் என்று ஊர்வலம் போய், ஒரு பக்கம் முடிந்த பிறகுதான் 1931க்கு வருகிறது. கேட்காத அந்த ஒரு பக்கத்துக்குப் புள்ளி கிடையாது. கடைசியில் "எனவே மேற்கூறியவற்றிலிருந்து" என்று அரைப் பக்கம். சொன்னதையே திரும்பச் சொல்வதற்கு யார் புள்ளி போடுவது?

நாங்கள் செய்தது இவ்வளவுதான். எல்லா விடைகளையும் 320 சொல்லுக்குள், இரண்டு பக்கமாகச் சுருக்கினோம். ஒவ்வொரு விடைக்கும் முன்னால் ஐந்தாறு வரியில் அவுட்லைன் ஒன்று வைத்தோம். மனனம் செய்ய வேண்டியது அந்த வரிகளை மட்டும். வசனத்தைப் பிள்ளையே அமைக்க வேண்டும்.

மேலே சொன்ன வினாவை எங்கள் தாளில் (அ) முறையை விளக்குக, 8 புள்ளி; (ஆ) அது சுயாட்சிக்குப் பயிற்சியளித்ததா என ஆராய்க, 12 புள்ளி என்று கொடுத்திருந்தோம். அவுட்லைன் இப்படி:

அ – 7 குழு, எல்லா உறுப்பினரும் ஏதாவது ஒன்றில் / குழுவே தலைவரைத் தெரிவு செய்யும் / தலைவரே அமைச்சர் / 7 அமைச்சர் + 3 அரசாங்க அதிகாரிகள் = அமைச்சர் சபை
ஆ – ஆம்: சாதாரண உறுப்பினருக்கும் நிர்வாக அனுபவம், கல்விக் குழு, கன்னங்கரா, இலவசக் கல்வி
ஆ – இல்லை: நிதியும் சட்டமும் அதிகாரிகள் கையில், கூட்டுப் பொறுப்பு இல்லை, 1931இல் மாக்கான் மாக்கார் அமைச்சர், 1936இல் அமைச்சர்கள் அனைவரும் சிங்களவர்

இதை எழுத 4 நிமிடம். பிறகு ஒரு புள்ளிக்கு ஒன்றரை நிமிடம் என்று கணக்கு: (அ)வுக்கு 12, (ஆ)வுக்கு 18. எல்லாம் சேர்த்து 34. மணிக்கூட்டில் 12 நிமிடம் முடிந்தால், வசனம் பாதியில் இருந்தாலும் அதை முடித்துவிட்டு அடுத்த பகுதிக்குப் போக வேண்டும். இந்தப் பழக்கம்தான் பிள்ளைகளுக்கு மிகவும் கஷ்டமாக இருக்கிறது. தெரிந்ததை எழுதாமல் விடுவதற்கு மனசு வருவதில்லை.

கடைசி வரியைப் பாருங்கள். மட்டக்களப்பு தெற்கிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவாகி அமைச்சரான நம் ஆள் ஒருவரைப் பழைய 4 பக்கத்திலும் தேடினோம். இல்லை. கண்டி ஒப்பந்தத்துக்கு இடம் இருந்திருக்கிறது!

பயிற்சியில் வாரம் ஆறு வினாவுக்கு அவுட்லைன் மட்டும் எழுதுகிறார்கள், ஒவ்வொன்றும் 4 நிமிடம், தலைக்கு மேல் மணிக்கூடு. முழு விடையாக எழுதுவது இரண்டு மட்டும். "ஆறு கேள்விக்கும் விடை எழுத வைக்கவில்லையே" என்று உம்மா ஒருவர் கேட்டார். ஆறையும் முழுதாக எழுத மூன்றரை மணித்தியாலம் வேண்டும். அவுட்லைன் என்றால் 24 நிமிடம். பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்பது அந்த 24 நிமிடத்திலேயே தெரிந்துவிடும்.

ஐந்து வாரத்துக்குப் பிறகு நடந்த இரண்டாவது பரீட்சையில் ஐந்தாவது வினாவை விட்டவர்கள் 6 பேர். இதோடு எல்லாம் சரி என்று சொல்ல வரவில்லை. 9 பேரின் தாளில் வேறொரு வியாதி வந்திருந்தது: அவுட்லைனையே விடையாக எழுதி வைத்திருந்தார்கள். "7 குழுக்கள் இருந்தன. தலைவர் தெரிவு செய்யப்பட்டார்." அவ்வளவுதான். இப்படி எழுதினால் 8க்கு 3 கிடைப்பதே பெரிது. அதனால் ஒவ்வொரு குறிப்புக்கும் இரண்டு வசனம் என்று விதி வைத்திருக்கிறோம்: ஒன்று என்ன என்று சொல்ல, மற்றது ஏன் அல்லது எப்படி என்று சொல்ல. வீட்டில் பார்ப்பதும் லேசு. "ஆகவே", "ஏனெனில்", "உதாரணமாக" ஒன்றுகூட இல்லாத பக்கம் என்றால் பிள்ளை பட்டியல் போட்டிருக்கிறது என்று அர்த்தம்.

அந்த 6 பேரில் 4 பேருக்குக் கையே மெதுவு. பார்த்து எழுதினாலும் 10 நிமிடத்துக்கு 90 சொல்தான். அவர்களுக்கு அவுட்லைன் மட்டும் போதாது. தலைப்பை அடிமட்டம் வைத்துக் கோடிடுவதையும், இரண்டு நிறப் பேனை மாற்றுவதையும், ஒரு எழுத்தை மூன்று தரம் அழுத்துவதையும் நிறுத்தச் சொல்லியிருக்கிறோம். விடைகளை 250 சொல்லுக்கு இன்னும் குறைத்து அவர்களுக்கென்று தனியாகத் தரப் போகிறோம். அதையும் பார்த்துவிட்டு "இன்னும் மெலிந்துவிட்டது" என்று யாரும் வொய்ஸ் போட வேண்டாம்.

தடித்த கைநூல்தான் வேண்டும் என்பவர்களுக்குப் பழைய 62 பக்கமும் வகுப்பு அலுமாரியில் இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளலாம். மூன்றாவது பரீட்சை வரும் சனிக்கிழமை காலை 8.30க்கு. பிள்ளை மணிக்கூடு கட்டி வரட்டும். போன் மணிக்கூட்டுக்கு மண்டபத்தில் இடமில்லை.