கொடுக்கும் கையும் கேட்கும் கையும்

படுவான்கரைச் சிற்றூர் ஒன்றிலே ஒரு பாடசாலை. கணிதம் கற்பிக்க ஆசிரியர் இல்லை. பெற்றார் வலயக் கல்விப் பணிமனைக்குச் சென்றால், மாகாணத்தைக் கேளுங்கள் என்கின்றனர். மாகாணத்தைக் கேட்டால், கொழும்பு பணம் தரவில்லை என்கின்றனர். வாவியைக் கடந்து எழுவான்கரைக்கு வந்த முறைப்பாடு, திருகோணமலை வழியாகத் தலைநகரம்வரை செல்கிறது. இவர்களுள் எவர் சொல்வது மெய்? எல்லாரும் ஓரளவு மெய்யே சொல்கின்றனர் என்பதுதான் இதிலுள்ள விந்தை.

இலங்கை ஒற்றையாட்சி நாடு. ஆயினும் 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் மாகாண சபைகளைத் தோற்றுவித்தபொழுது, சமஷ்டி நாடுகளுக்கே உரிய பணப் பிணக்கும் உடன் பிறந்தது. தேசியப் பாடசாலைகள் நீங்கலான பாடசாலைகளும், பல மருத்துவமனைகளும், சிறு வீதிகளும் மாகாணத்தின் பொறுப்பாயின. வருமான வரி, சுங்கத் தீர்வை முதலிய பெரு வருவாய்களோ மத்தியிலேயே நின்றன. செலவு ஒருவரிடம், வரவு மற்றொருவரிடம். இந்த இடைவெளியை நிரப்ப வருவதே கொடை.

எவ்வளவு கொடுப்பது? இதனை ஆராய ஐவர் கொண்ட நிதி ஆணைக்குழுவை அரசியலமைப்பு நிறுவியது. மத்திய வங்கி ஆளுநரும் திறைசேரிச் செயலாளரும் பதவிவழி உறுப்பினர். ஏனைய மூவர் மூன்று பெருஞ் சமூகத்தவரின் பிரதிநிதிகள். மாகாணத் தேவைகளுக்குப் ‘போதுமான’ நிதியை ஒதுக்கவேண்டும் என்பது விதி. எது போதும் என்பதிலேதான் பேரம் தொடங்குகிறது.

இதனை ஒரு சிறு கணக்கால் விளக்குவோம். எண்கள் நாம் கற்பித்தவையே. ஒரு மாகாணத்தின் சம்பளம் முதலிய மீண்டுவரும் செலவு 100 ரூபா. அதன் சொந்த வருவாய் 10 ரூபா எனக் கொள்வோம். செலவிலிருந்து எதிர்பார்க்கும் வருவாயைக் கழித்து, மிகுதி 90 ரூபாவைத் தொகுதிக் கொடையாக மத்தி வழங்கும். மாகாணம் அரும்பாடுபட்டு 15 ரூபா திரட்டக்கூடிய நிலைக்கு வந்தால், அடுத்த கணக்கிலே கொடை 85 ஆகிவிடும். உழைப்பின் பயன் கைக்கு எட்டாது. ஆகவே வருவாயைக் குறைத்தும் தேவையைக் கூட்டியும் காட்ட மாகாணத்திற்கு ஆசை உண்டாகும். திறைசேரியும் இதனை அறியும். எனவே கேட்டதைக் குறைத்தே கொடுக்கும். குறைப்பார்கள் என்று தெரிந்தமையால் மாகாணம் இன்னும் கூட்டிக் கேட்கும். இருவரும் தீயவர் அல்லர். கணக்கின் அமைப்பே இருவரையும் இவ்வாறு நடக்கச் செய்கிறது.

வருவாயை மாகாணமே பெருக்கிக்கொள்ளலாகாதோ எனச் சிலர் வினவலாம். நடந்ததைப் பார்ப்போம். மாகாணங்கள் அறவிட்டுவந்த புரள்வு வரி 2011ஆம் ஆண்டுடன் நீக்கப்பட்டது. அதற்கு ஈடாக, தேசத்தைக் கட்டியெழுப்பும் வரியில் மூன்றில் ஒரு பங்கையும், முத்திரைத் தீர்வை முழுவதையும், வாகனப் பதிவுக் கட்டணத்தில் 70 வீதத்தையும் தருவதாக ஏற்பாடாயிற்று. பின்னர், 2019 டிசெம்பரில் மத்திய அரசாங்கம் அந்த வரியையே ஒழித்தது. வரி போயிற்று, அதிலே மாகாணத்துக்கு இருந்த பங்கும் உடன் போயிற்று. பங்கு எவ்வளவு என்பது மட்டுமன்று, எதில் பங்கு என்பதும், அதனை நிறுத்த யாருக்கு அதிகாரம் என்பதும் பேரத்தின் பொருளே.

இந்தியாவிலும் இவ்வழக்கு உண்டு. 15ஆவது நிதி ஆணையம் பகிரத்தக்க மத்திய வரிகளில் 41 வீதத்தை மாநிலங்களுக்குப் பரிந்துரைத்தது. மேல்வரிகளும் கூடுதல் வரிகளும் அந்தப் பங்கீட்டில் சேரா என்பதால், அவை பெருகப் பெருகத் தமிழ்நாடு முதலிய மாநிலங்கள் முறையிட்டன. எனினும் அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட அரசுகள் எதிரே அமர்ந்து வாதாடுகின்றன. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தபின், பல ஆண்டுகள் தேர்தலின்றிக் கழிந்தன. அக்காலத்தில் மாகாணத்தின் சார்பிலே பேசியவர், மத்தியின் தலைவரான ஜனாதிபதியே நியமித்த ஆளுநர். கேட்கும் கையும் கொடுக்கும் கையின் விரலாகவே இருந்தால் பேரம் எங்ஙனம் நிகழும்?

இன்னும் ஒன்று: ஒதுக்கீடு வேறு, பணம் கைக்கு வருதல் வேறு. அபிவிருத்திக் கொடை ஐப்பசியில் வந்துசேர்ந்தால், வாவிக்கரையில் மாரி தொடங்கிவிடும். மண்வீதியைத் திருத்த இயலாது. டிசெம்பர் 31இல் நிதியாண்டும் முடிந்துவிடும். பணம் கொடுத்தோம் என்று ஒருவர் சொல்வார். வேலை நடக்கவில்லை என்று மற்றவர் சொல்வார்.

ஆகவே, இத்தனை கோடி ஒதுக்கப்பட்டது என்ற செய்தியைப் படிக்கும் மாணவர்கள் மூன்றை வினவுதல் வேண்டும். கேட்டது எவ்வளவு? ஒதுக்கியது எவ்வளவு? எந்த மாதத்தில் எவ்வளவு வந்து சேர்ந்தது? கணித ஆசிரியர் ஏன் வரவில்லை என்பதற்கு விடை, பெரும்பாலும் இம்மூன்று எண்களின் இடைவெளியிலே இருக்கும்.