தகட்டைப் படிக்கக் கற்றுத்தரும் கையேடு

ஃபோர்க்லிஃப்ட் கையேட்டை நாம் தமிழாக்கினாலும், வண்டியில் பொருத்தியிருக்கும் தூக்குத்திறன் தகடு பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். சங்கரன்கோவில் போன்ற விசைத்தறி ஊரின் கிடங்கில் ஓட்டுநரின் கண்முன் எப்போதும் இருப்பதும் அதுதான். எனவே தமிழ்க் கையேட்டின் முதல் வேலை, அந்தத் தகட்டின் எண்களைக் கையில் டேப்புடன் சரிபார்க்கக் கற்றுத்தருவது.

சுமை மையம் என்பது ஃபோர்க்கின் செங்குத்து முகப்பிலிருந்து சுமையின் எடை மையம் வரையுள்ள தூரம். வரையறையோடு நிறுத்தினால் பயனில்லை. ஒரு கணக்கைப் போட்டுக் காட்ட வேண்டும். தகட்டில் 500 மி.மீ. மையத்துக்கு 2500 கிலோ என்றிருக்கிறது. துணிப் பேல்களைச் சீராக அடுக்கிய பேலட், ஃபோர்க்கின் நீளவாக்கில் 1500 மி.மீ. இருந்தால் மையம் 750 மி.மீ. ஆகிவிடும். 2500×500÷750 என்று கணக்கிட்டால் ஏறத்தாழ 1660 கிலோ. உண்மையான நெம்புகோல் முன் அச்சிலிருந்து தொடங்குவதால் இந்தக் கணக்கு சற்றுக் குறைத்தே காட்டும். ஆனாலும் இறுதிச் சொல் தயாரிப்பாளரின் அட்டவணைதான். தூக்கும் உயரம் கூடினால் திறன் இன்னும் குறையலாம் என்பதையும் அங்கேயே எழுதிவிட வேண்டும். பேலட்டுக்கும் முகப்புக்கும் இடையே இடைவெளி விட்டால் அதுவும் மையத்தோடு சேரும். தூக்கும்போது பின்சக்கரம் லேசாகி ஸ்டியரிங் பிடி தராவிட்டால் சுமை மிஞ்சிவிட்டது. உடனே இறக்க வேண்டும்.

மாஸ்ட் சாய்வில் வாக்கிய அமைப்பே ஆபத்தாகிறது. ‘ரேக்கில் வைக்கும்போது தவிர, உயர்த்திய சுமையை முன்னால் சாய்க்கக் கூடாது’ என்று எழுதினால், தடை கடைசியில்தான் காதில் விழுகிறது. இதை இரண்டாக உடைக்கலாம்: ‘சுமை உயரத்தில் இருக்கும்போது முன்னால் சாய்க்காதீர்கள். ரேக்குக்கு நேர் மேலே வந்தபின் மட்டும் மெதுவாகச் சாய்க்கலாம்.’ பின்சாய்வை ‘உங்கள் பக்கமாக’ என்று எழுதினால் திசை குழம்பாது. ஓடும்போது சுமை தரையிலிருந்து சுமார் 15 செ.மீ. உயரத்தில், ஓட்டுநர் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும்.

அன்றாடச் சோதனைப் பட்டியலில் ‘ஃபோர்க் தேய்மானம் பார்க்கவும்’ என்ற வரி வெறும் டிக் அடிக்கத்தான் உதவும். எங்கே, எப்படி, எவ்வளவு என்று சொல்ல வேண்டும். ஃபோர்க் வளையும் குதிகாலில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்து, தடிமனை அளக்க வேண்டும். புதிதில் 40 மி.மீ. இருந்தது 36 ஆகிவிட்டால், அதாவது பத்தில் ஒரு பங்கு தேய்ந்துவிட்டால், அந்த ஃபோர்க்கை மாற்றியாக வேண்டும். பழுது கண்டால் சாவியை எடுத்து மேற்பார்வையாளரிடம் கொடுத்து, வண்டியில் ‘ஓட்டாதே’ அட்டை மாட்டுவது வரை அதே வரியில் இருக்கட்டும்.

அச்சுக்கு அனுப்பும் முன், வரைவை வண்டியருகே ஓர் ஓட்டுநரிடம் கொடுங்கள். அவர் யாரிடமும் கேட்காமல் தகட்டைப் படித்து, டேப் பிடித்து, ‘இந்த பேலட்டைத் தூக்கலாமா’ என்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். அவர் தடுமாறும் வரியைத் திருத்துவது மொழிபெயர்ப்பாளரின் பொறுப்பு.