மேடை இறங்கிய குழந்தையிடம் என்ன சொல்வது?

நவராத்திரியில் ஒரு மாலை. அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் நிறைவுற்றது, கோயில் மண்டபத்தில் பதின்மூன்று வயதுச் சிறுமியின் பரதநாட்டிய அரங்கேற்றம். மங்களம் முடிந்ததும் குருவை வணங்கி, பெரியோர்களிடம் ஆசி பெற வந்தாள்.

"பிறவி ஞானம்!" என்றார் ஒருவர். "சரஸ்வதி கடாட்சம் இல்லாமல் இப்படி வருமா?" என்றார் மற்றொருவர். அவள் தலைகுனிந்து நன்றி கூறினாள். முகத்தில் மகிழ்ச்சியைவிடக் கலக்கமே மிகுந்திருந்தது. வர்ணத்தின் மூன்றாம் தீர்மானத்தில் ஓரடி தவறியதை அவள் அறிவாள். பிறவி ஞானம் உடையவளுக்கு அடி தவறலாமா?

அடுத்து அவளுடைய தாத்தாவிடம் வந்தாள். "முதல் தீர்மானத்தை மூன்று காலத்திலும் ஆடினாயே, மூன்றாம் காலத்தில்கூட அரைமண்டி உயரவில்லை. அதற்கு எத்தனை நாள் பாடுபட்டாய், அம்மா?" என்று கேட்டார் அவர்.

சிறுமியின் முகம் மலர்ந்தது. "மூன்று மாதம், தாத்தா! வேகம் கூடினால் முழங்கால் தானாக நிமிர்ந்துவிடும். அதனால் முதல் காலத்திலேயே தினமும் பலமுறை ஆடச் சொன்னார்கள்" என்றவள், சற்றுத் தயங்கி, "மூன்றாவது தீர்மானத்தில் ஓரடி விட்டுவிட்டேன்" என்றாள்.

"கவனித்தேன். நீ நின்றுவிடவில்லை. நட்டுவாங்கத்தைக் காதில் வாங்கிக்கொண்டு, பல்லவி எடுப்புக்குச் சரியாக வந்து சேர்ந்தாய். அதுவும் பயிற்சி தந்ததுதான்" என்றார் தாத்தா.

இரு பாராட்டுகளுக்கும் உள்ள வேற்றுமை இதுவே. முன்னது பிழையை மறைக்கத் தூண்டும். பின்னது பிழையைத் தானே சொல்லத் துணிவு தரும்.

அமெரிக்காவில் கிளாடியா முல்லர், கரோல் டிவெக் என்னும் உளவியல் அறிஞர்கள் 1998-இல் வெளியிட்ட ஆய்வும் இதனையே காட்டியது. புதிர்களை விடுவித்த சிறுவர்களில் சிலரிடம் "நீ அறிவாளி" என்றும், சிலரிடம் "நன்றாக உழைத்திருக்கிறாய்" என்றும் கூறினர். பின்பு கடினமான புதிர்களைத் தந்து தடுமாறச் செய்தனர். மீண்டும் எளிய புதிர்கள் தந்தபோது, அறிவுக்காகப் பாராட்டப்பட்டோர் முன்னிலும் குறைவாகவே விடுவித்தனர். உழைப்புக்காகப் பாராட்டப்பட்டோர் முன்னேறினர்.

ஆயினும், "பாவம், எவ்வளவு கஷ்டப்பட்டாள்!" என்பது பாராட்டன்று, திறமை போதாது என்ற இரக்கமாகவே குழந்தையின் காதில் விழும். உழைப்பைப் பாராட்டுவோர் கண்ணால் கண்ட ஓர் இடத்தைச் சுட்டிச் சொல்லவேண்டும். நாட்டிய நுணுக்கம் அறியாதவர்கள், "உனக்கு எந்த இடம் மிகவும் கடினமாக இருந்தது?" என்று கேட்டாலே போதும், மீதியைக் குழந்தையே சொல்லிவிடும். அவள் மறைத்த பிழையை அன்றே எடுத்துரைக்கவும் வேண்டாம்; அது குருவின் பொறுப்பு.

இவ்வாறு சொல்வது கலைமகளின் அருளை மறுப்பதாகாது. குங்குமம் இட்டு வாழ்த்தும்போது அருளை வேண்டலாம். பாராட்டும்போது அவள் செய்ததைச் சொல்லவேண்டும். அருள் அன்னையின் கையில் உள்ளது. நாளைக் காலைப் பயிற்சி அந்தக் குழந்தையின் கையில் உள்ளது.