பனடோல் கொடுத்துப் படுக்க வைத்த இரவு

சென்ற ஆண்டு எங்கள் கீமோ பிரிவுக்கு வந்த ஓர் அம்மாவைப் பற்றி இந்த வாரம் எழுதுகிறேன். அவருக்கு 54 வயது. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து, மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏறும் மருந்துக்காக மகளோடு கிள்ளானிலிருந்து வருவார். நோயாளிகள் ‘சிவப்பு மருந்து’ என்று சொல்வார்களே, அது சேர்ந்த சிகிச்சை. முதல் சுற்று ஒரு புதன்கிழமை முடிந்தது. சிறுநீர் சிவப்பாகப் போகும், முடி கொட்டும், வாந்தி மாத்திரையை இப்படிச் சாப்பிடுங்கள் என்று எல்லாம் சொல்லி அனுப்பியது நான்தான். ‘காய்ச்சல் வந்தால் உடனே வாங்கம்மா’ என்றும் சொன்னேன். அவர் தலையாட்டினார். மலாயிலும் ஆங்கிலத்திலும் அச்சடித்த தாளை மகள் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் சனிக்கிழமை, அதாவது மருந்து ஏறிய 11ஆம் நாள், இரவு ஒன்பது மணிக்கு அம்மாவுக்குக் குளிர் எடுத்தது. மகள் காய்ச்சல்மானியை வைத்துப் பார்த்தார், 38.4 பாகை. வீட்டில் பனடோல் இருந்தது. இரண்டு மாத்திரை கொடுத்துப் போர்த்திப் படுக்க வைத்தார்கள். பத்தரைக்கு வியர்த்துக் கொட்டி 37.2க்கு இறங்கியது. எல்லாருக்கும் நிம்மதி. திங்கட்கிழமை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டார்கள்.

அதிகாலை நான்கு மணிக்கு மறுபடியும் கட்டிலே ஆடும் அளவுக்கு நடுக்கம். இந்த முறை 39.1. ஆறு மணிக்குக் கழிப்பறைக்கு எழுந்தவர் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். கை சில்லிட்டிருந்தது, மகளின் பெயரை மாற்றிச் சொன்னார். ஏழேகாலுக்கு அவசரப் பிரிவுக்கு வந்தபோது ரத்த அழுத்தம் 80க்கு 45, நாடித்துடிப்பு 132. நேராகச் சிவப்பு மண்டலத்துக்குத்தான் கொண்டு போனார்கள்.

ரத்தப் பரிசோதனை வந்தது. வெள்ளை அணுக்கள் மொத்தம் 900, அதில் நியூட்ரோபில் 20 விழுக்காடு. 900இல் 20 விழுக்காடு என்றால் 180. சாதாரணமாக அந்த எண் 1,500க்கு மேல் இருக்க வேண்டும். 500க்குக் கீழே போனால் உடம்பில் காவலே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் வீட்டில் யாராவது கீமோ எடுத்தால், அறிக்கையில் மொத்த வெள்ளை அணு எண்ணிக்கையோடு நிறுத்திவிடாமல் இந்தக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். கிருமியை முதலில் ஓடிப் போய்ப் பிடிப்பது நியூட்ரோபில்தான்.

கீமோ மருந்து வேகமாகப் பெருகும் செல்களை அடிக்கிறது. புற்றுநோய்ச் செல் வேகமாகப் பெருகும். எலும்பு மஜ்ஜையில் ரத்த அணு தயாராகும் இடமும் அப்படித்தான், வாயிலிருந்து குடல் வரை உள்ளே போர்த்தியிருக்கும் மெல்லிய தோலும் அப்படித்தான். சிவப்பு அணு நான்கு மாதம் வரை வாழும். நியூட்ரோபிலுக்கு ஆயுள் மிகக் குறைவு, நாள்தோறும் புதிதாக வந்துகொண்டே இருக்க வேண்டும். மஜ்ஜை உற்பத்தியை நிறுத்தியதும் முதலில் காலியாவது இதுதான். பெரும்பாலான மருந்துகளில் 7ஆம் நாளிலிருந்து 14ஆம் நாளுக்குள் எண்ணிக்கை அடிமட்டத்துக்குப் போய், மூன்றாவது வாரம் மெல்ல ஏறும். அடுத்த சுற்றுக்கு மூன்று வாரம் இடைவெளி விடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதே நாள்களில் குடல் தோலும் புண்ணாகியிருக்கும். குடலுக்குள் நம்மோடு காலம் காலமாகக் குடியிருக்கும் கிருமி, அந்த விரிசல் வழியாக ரத்தத்துக்குள் நுழைகிறது. பிடிக்க ஆள் இல்லை. இந்த அம்மாவின் ரத்தத்தில் வளர்ந்ததும் இ-கோலி என்கிற சாதாரணக் குடல் கிருமிதான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஒவ்வொரு முறையும் வார்டுக்கு வெளியே ஒரு விசாரணை நடக்கும். பேரப்பிள்ளை சளியோடு வந்தான், மருமகள் காய்கறியைச் சரியாகக் கழுவவில்லை என்று யாராவது ஒருவர் மேல் பழி விழும். கை கழுவுவதும், சளி பிடித்தவர் தள்ளி நிற்பதும் நல்லதுதான். ஆனால் பெரும்பாலும் கிருமி வெளியிலிருந்து வருவதில்லை. மருமகளை விட்டுவிடுங்கள்.

மருத்துவர்களே பயப்படும் விஷயம் வேறொன்று. சாதாரணமாகச் சீழ் பிடித்தால் வீங்கும், சிவக்கும், மஞ்சளாக ஒழுகும். அந்தச் சீழே செத்துப்போன நியூட்ரோபில்தான். நியூட்ரோபில் இல்லாதவருக்குச் சீழ் கட்டாது. நுரையீரலில் தொற்று இருந்தும் எக்ஸ்ரே தெளிவாக இருக்கலாம். சிறுநீரில் தொற்று இருந்தும் எரிச்சல் தெரியாமல் போகலாம். மிஞ்சி இருக்கும் ஒரே அடையாளம் காய்ச்சல். அந்த ஒன்றையும் நாம் பனடோல் போட்டு அழித்துவிட்டால், பத்தரை மணிக்கு 37.2 என்று காட்டிய காய்ச்சல்மானி போல எல்லாம் சரியாகிவிட்டதாகத் தோன்றும். காய்ச்சல்தான் இறங்கியிருந்தது. கிருமி அந்த இரவு முழுக்கப் பெருகிக்கொண்டிருந்தது.

அந்த அம்மா நான்கு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். ரத்த அழுத்தத்தைத் தூக்கிப் பிடிக்க மருந்து ஓடிக்கொண்டே இருந்தது. 12ஆம் நாள் வீட்டுக்குப் போனார். பிழைத்துவிட்டார். இதே நிலையில் வந்து பிழைக்காதவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்குப் போகும் நாளில் மகள் என்னிடம் வந்தார். “மிஸ்ஸி, நீங்க சொன்னீங்க. எனக்கு ஞாபகம் இருக்கு. ஆனா உடனேன்னா அந்த ராத்திரியே வரணும்னு எங்களுக்குப் புரியல” என்றார். அந்தப் பிள்ளையிடம் எனக்குப் பதில் இல்லை. ‘உடனே’ என்ற சொல்லை நான் ஒரு நாளில் இருபது முறை சொல்கிறேன். பில்லை உடனே கட்டுங்கள், மருந்தை உடனே வாங்குங்கள். அவர் காதில் அதுவும் இதுவும் ஒன்றாகத்தான் விழுந்திருக்கும். அன்றிலிருந்து நான் சொல்லும் விதத்தை மாற்றிக்கொண்டேன். இப்போது என் முன்னால் உட்காருபவரிடம் இப்படித்தான் சொல்கிறேன்.

வீட்டில் டிஜிட்டல் காய்ச்சல்மானி ஒன்று வாங்கி வையுங்கள். நாக்குக்கு அடியிலோ காதிலோ பாருங்கள். அக்குளில் வைத்தால் குறைவாகக் காட்டும். ஆசனவாயில் வைக்கவே கூடாது, அங்கே ஒரு சின்னக் கீறல் போதும். மலச்சிக்கல் என்று அந்த வழியாக மருந்து வைப்பதும் வேண்டாம். தே தாரிக் குடித்த சூட்டோடு வாயில் வைத்துப் பார்த்துவிட்டுப் பதற வேண்டாம், கால் மணி நேரம் கழித்துப் பாருங்கள். 38 பாகையைத் தொட்டால் கிளம்ப வேண்டியதுதான். உங்கள் மருத்துவமனை கொடுத்த அட்டையில் அதைவிடக் குறைந்த எண் எழுதியிருந்தால் அந்த எண்ணையே பிடித்துக்கொள்ளுங்கள். இரவு இரண்டு மணியானாலும் சரி, தீபாவளி காலையானாலும் சரி, ஒரு மணி நேரத்துக்குள் நீங்கள் அவசரப் பிரிவின் வாசலில் இருக்க வேண்டும்.

காய்ச்சலே இல்லாமலும் வரலாம். வாந்திக்காகக் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரை காய்ச்சலை மறைக்கும். வயதானவர்களுக்கு உடம்பு சூடாவதற்குப் பதில் சில்லிட்டுப் போகலாம். ஆகவே உடம்பு தூக்கிப்போடும் நடுக்கம், மூச்சுத் திணறல், நிற்க முடியாத தலைசுற்றல், பேச்சுக் குழப்பம் இவற்றில் எது வந்தாலும் காய்ச்சல்மானி என்ன காட்டினாலும் கிளம்புங்கள். காரில் ஏற்ற முடியாத நிலை என்றால் மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995.

கிளம்பும் முன் பனடோல் வேண்டாம். புரூஃபன் போன்ற வலி மாத்திரையும் வேண்டாம், கீமோவில் தட்டணுக்களும் குறைந்திருக்கலாம், ரத்தம் கசியும். டெங்கியாக இருக்குமோ என்று பப்பாளி இலைச் சாறு பிழிந்துகொண்டு நேரத்தைப் போக்காதீர்கள். டெங்கியாகவே இருந்தாலும் அதைக் கண்டுபிடிக்க வேண்டிய இடமும் மருத்துவமனைதான்.

பக்கத்துக் கிளினிக்குக்குப் போகலாமா என்று பலர் கேட்கிறார்கள். அங்கே நல்ல டாக்டர் இருப்பார், நான் மறுக்கவில்லை. ஆனால் இந்தக் காய்ச்சலுக்குத் தேவையானது அங்கே இருக்காது. ரத்தத்தை எடுத்துக் கிருமி வளர்க்கும் புட்டியில் போட வேண்டும். மார்பில் போர்ட் இருந்தால் அதிலிருந்து ஒன்று, கை நரம்பிலிருந்து ஒன்று. எடுத்த கையோடு, முடிவுக்குக் காத்திருக்காமல், பல வகைக் கிருமிகளை ஒரே அடியில் தாக்கும் ஆண்டிபயாட்டிக் மருந்தை நரம்பில் ஏற்ற வேண்டும். வந்து சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் அந்த மருந்து உள்ளே போயிருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் கணக்கு. கிளினிக்கில் கொடுக்கும் ஆண்டிபயாட்டிக் மாத்திரை பெரும்பாலும் நோயை அடக்காது, எங்கள் புட்டியில் கிருமி வளராமல் மட்டும் செய்துவிடும். ஆபத்து குறைவானவர் என்று பரிசோதித்துத் தெரிந்தால் மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்புவதும் உண்டு. அதை முடிவு செய்வது புற்றுநோய் மருத்துவர், வீட்டில் நாம் அல்ல.

அவசரப் பிரிவில் ஒரு சிக்கல் இருக்கிறது. நடந்து வருபவர், காய்ச்சல் என்கிறார், பார்க்க நன்றாகத்தான் இருக்கிறார். கூட்டம் நிறைந்த சனிக்கிழமை இரவில் அவரைப் பச்சை மண்டலத்தில் உட்கார வைத்துவிடுவது சுலபம். அங்கே மூன்று நான்கு மணி நேரம் போய்விடும். அதனால் கவுன்டரில் ‘காய்ச்சல்’ என்று ஆரம்பிக்காதீர்கள். ‘கீமோ நோயாளி’ என்று ஆரம்பியுங்கள். மலாயில் ‘பெசாகிட் கீமோ, டெமாம்’ என்றால் போதும். எத்தனை நாளுக்கு முன் மருந்து ஏறியது, வீட்டில் எவ்வளவு காட்டியது, பென்சிலின் போன்ற மருந்து எதற்காவது ஒவ்வாமை உண்டா, இதைச் சொல்லிச் சிகிச்சைப் புத்தகத்தை நீட்டுங்கள். மற்றவர்களோடு நெருக்கி உட்கார வேண்டாம், முகக்கவரி போட்டுக்கொண்டு தனி இடம் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். நம் ஆட்கள் இந்த இடத்தில்தான் ரொம்ப மரியாதை பார்க்கிறார்கள்.

அந்த அம்மாவுக்கு அடுத்த சுற்றைத் தள்ளிவைத்து, அதற்குப் பின் ஒவ்வொரு சுற்றுக்கும் மறுநாள் வெள்ளை அணுவைத் தூண்டும் ஊசியும் போட்டார்கள். இந்த ஊசி எண்ணிக்கை விழும் நாள்களைக் குறைக்கும், முழுவதும் தடுத்துவிடாது. மூன்றாவது சுற்றில் 9ஆம் நாள் மதியம் 38.1 காட்டியது. நாற்பது நிமிடத்தில் கவுன்டரில் நின்றார்கள். மகள்தான் பேசியிருக்கிறார். மருந்து ஏறிய தேதியை உள்ளங்கையில் பேனாவால் எழுதி வைத்திருந்தாராம், பதற்றத்தில் மறந்துவிடக் கூடாது என்று. நியூட்ரோபில் அன்று 400. ரத்த அழுத்தம் இறங்கவில்லை. ஐந்தாம் நாள் வீட்டுக்குப் போகும்போது அம்மா எங்கள் பிரிவுக்கு வந்து, எனக்கென்று வாங்கிய கச்சான் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, “மிஸ்ஸி, இந்தத் தடவை ஐசியு பார்க்கலை” என்றார்.